கூலிங் கிளாஸில் தெரியும் போட்டோகிராஃபரை நீக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அண்ணா, காசிமேட்டுல மாப்பிள்ளைய கூலிங் கிளாஸ் போட வெச்சு எடுத்தேன். படம் சூப்பரா வந்திருக்கு. ஆனா ரெண்டு கண்ணாடியிலயும் நான் கேமராவோட நிக்கிறேன். பேனருக்குப் போகுது. உள்ள ஃபுல்லா கறுப்பு அடிச்சு மூடிடட்டுமா?"

மூடாதீர்கள் தம்பி. வெயிலில் நிற்கிற ஒருவரின் கண்ணாடி முழுக் கறுப்பாக இருக்கவே முடியாது. அவர் எதிரே வானமும் கடலும் இருக்கின்றன, அவை கண்ணாடியில் விழுந்தே ஆகும். முகத்தில் காலை வெயில் பளிச்சென்று இருந்து கண்ணாடி மட்டும் தார் பூசியதுபோல் இருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அது ஒட்டாது.

செய்ய வேண்டியது வேறு. உங்களை எடுத்துவிட்டு, உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்ததோ அதை அந்த இடத்தில் வைக்க வேண்டும். கீழே வரும் எல்லா பதில்களும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

உங்கள் படத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் அதிகம் வருவது இதே மாதிரி படம்தான். காலை நேரம், மாப்பிள்ளை கடலைப் பார்த்து நிற்கிறார், கடலுக்கு முதுகு காட்டி 2 மீட்டர் தள்ளி நீங்கள் நிற்கிறீர்கள், கையில் ஃபுல் ஃபிரேம் கேமரா, 85 எம்எம் லென்ஸ், f/1.8. சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு பக்கமாக இருக்கிறது. வெயில் உங்கள் முதுகில் விழுவதால் கண்ணாடியில் நீங்கள் இருட்டு உருவமாகத் தெரிகிறீர்கள்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண கூலிங் கிளாஸின் வளைவுக்கு ஆரம் சுமார் 9 செ.மீ. இருக்கும். 2 மீட்டரில் நிற்கும் ஆளின் தோளகலம் அதில் கிட்டத்தட்ட 1 செ.மீ., அதாவது கண்ணாடி அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பேனரில் முகம் நிஜ அளவைவிட மூன்று மடங்காகப் போனால் நீங்கள் 3 செ.மீ. அகலத்துக்கு நிற்பீர்கள். பேனருக்குக் கீழே வந்து செல்ஃபி எடுக்கிற எல்லோர் கண்ணிலும் படும்.

"ஹீலிங் பிரஷ் வெச்சு தேய்ச்சா என் உருவம் போயிடுது. ஆனா கண்ணாடில அழுக்கு படிஞ்ச மாதிரி ஆயிடுது. ஏன்?"

ஏனென்றால் அந்த இடத்தில் ஒரு காட்சி இருக்கிறது, ஹீலிங் டூலுக்கு அது தெரியாது. கண்ணாடிக்குள் மேல் பாதி வானம், கீழ்ப் பாதி தண்ணீரும் தரையும், நடுவே அடிவானக் கோடு. உங்கள் உருவம் இந்த மூன்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கிறது. ஹீலிங் டூல் சுற்றியுள்ள நிறங்களைக் கலந்து பூசும்போது வானத்தின் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கிவிடும், தண்ணீரின் இருட்டு வானத்தில் ஏறிவிடும், அடிவானம் நடுவில் கரைந்துபோகும். நீங்கள் பார்க்கும் அழுக்கு இதுதான். ஃபிரேமுக்குப் பக்கத்தில் தேய்த்தால் ஃபிரேமின் நிறமும் உள்ளே இழுபடும்.

அதனால் வானத்தைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் நிரப்புங்கள். கடைசியில் அடிவானக் கோட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து சேருங்கள்.

"அடிவானம் எந்த இடத்துல போகணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என் தலையே அதை மறைச்சுட்டிருக்கே."

இந்த வேலையில் மிகவும் உதவும் விஷயம் இது. கேமரா மாப்பிள்ளையின் கண் உயரத்தில் இருந்திருந்தால், கண்ணாடிக்குள் உங்கள் கேமரா எந்த இடத்தில் தெரிகிறதோ அந்த இடத்தின் வழியாகத்தான் அடிவானம் போகும். கேமராவை அதைவிடத் தாழ்த்திப் பிடித்திருந்தால், அடிவானம் உங்கள் கேமராவுக்கு மேலே போகும். உயர்த்திப் பிடித்திருந்தால் கீழே. ஆகவே உருவத்தை அழிக்கும் முன் கேமராவின் இடத்தில் ஒரு கைடு கோடு போட்டு வையுங்கள். அழித்த பிறகு அதைத் தேட முடியாது.

அந்தக் கோடு கண்ணாடியின் நடுவில் இருக்காது என்பதையும் கவனியுங்கள். கூலிங் கிளாஸின் கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும், அதனால் கேமராவும் அடிவானமும் பெரும்பாலும் நடுவுக்கு மேலே ஏறித் தெரியும். அதேபோல ஒவ்வொரு கண்ணாடியும் காது பக்கம் கொஞ்சம் பின்னால் திரும்பியிருக்கும். ஆகவே நேராகப் பார்க்கும் முகத்தில் உங்கள் உருவம் இரண்டு கண்ணாடியிலும் மூக்குப் பக்கமாகத் தள்ளி நிற்கும்.

வளைவு விஷயத்தில் பலர் அளவு மீறிவிடுகிறார்கள். குவிந்த கண்ணாடிதானே என்று அடிவானத்தை வில்லாக வளைக்கிறார்கள். கேமராவின் புள்ளி வழியாகப் போகும் கோடு கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். அங்கிருந்து தள்ளிப் போகப் போகத்தான் கோடுகள் வெளிப்பக்கம் வளையும். ஓரத்தில் தெரியும் விசைப்படகின் பாய்மரக் கம்பமும் விளக்குக் கம்பமும் வளைந்திருக்கலாம், நடுவில் போகும் கடல்கோடு வளையாது.

"சரி, படிப்படியா சொல்லுங்க. போட்டோஷாப்புல எப்படிப் போறது?"

16 பிட்டில் திறந்து வேலை செய்யுங்கள். வானம் மெல்ல மெல்ல நிறம் மாறும் பகுதி. 8 பிட்டில் திரும்பத் திரும்பத் தொட்டால் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும், ஃப்ளெக்ஸில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பென் டூலால் ஒவ்வொரு கண்ணாடியின் உள் விளிம்பையும் வெட்டுங்கள், ஒரு பிக்சலுக்கு மேல் ஃபெதர் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி குரூப் வைத்து, அந்த வெட்டையே குரூப்பின் மாஸ்க் ஆக்குங்கள். இனி உள்ளே என்ன பூசினாலும் ஃபிரேமைத் தொடாது. விளிம்பு ஓரத்தில் ஃபிரேமின் மெல்லிய நிழல் இருக்கும், அதை மட்டும் மூடிவிடாதீர்கள்.

அந்த குரூப்புக்குள் ஒரு காலி லேயர் போட்டு Clone Stamp எடுங்கள். மேலே Sample என்ற இடத்தில் Current & Below இருக்கட்டும். முதலில் வானம். கண்ணாடிக்குள் வானம் உச்சியில் இருண்டும் அடிவானம் பக்கம் வெளுத்தும் இருக்கும். ஆகவே Alt அழுத்தி எடுக்கும் இடம், பூசும் இடத்தின் அதே உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் நகருங்கள், மேலே கீழே போகாதீர்கள். நம் படத்தில் சூரியன் இருக்கும் பக்கத்து வானம் வெளிச்சம், மறு பக்கம் சற்று மங்கல். உங்கள் தலையின் ஒரு பாதியை ஒரு பக்கத்திலிருந்தும் மறு பாதியை மறு பக்கத்திலிருந்தும் எடுத்துப் பூசி, நடுவில் மென்மையான பிரஷ்ஷைக் குறைந்த ஒபாசிட்டியில் வைத்துச் சேருங்கள். ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் எடுத்தால் மறு பக்கம் சேரும் இடத்தில் ஒரு படி தெரியும்.

பிறகு தண்ணீரும் தரையும் அதே முறையில். கீழ் விளிம்புப் பக்கம் நன்றாகப் பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் இருந்ததால், உங்கள் நிழல் மாப்பிள்ளையை நோக்கித் தரையில் விழுந்திருக்கும், கண்ணாடி அதையும் காட்டலாம். ஆளை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிட்ட படங்கள் நிறைய உண்டு.

கடைசியில் அடிவானக் கோடு. சிறிய பிரஷ், கைடு கோட்டின் மேலேயே, இடமிருந்து கொஞ்சம் வலமிருந்து கொஞ்சம்.

சூரியனின் வெள்ளைப் புள்ளி கண்ணாடியில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம்தான் அந்தப் புள்ளி இருக்கும். முகத்து வெளிச்சத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவை அது காட்டுகிறது. அது இருப்பதால்தான் கண்ணாடி நிஜம் என்று நம்புகிறோம்.

"என் உருவத்துக்குள்ள மட்டும் மாப்பிள்ளையோட கண்ணு தெரியுது. நான் வானத்தைப் பூசினா கண்ணு காணாம போகுது. இது சரியா?"

நல்ல கவனிப்பு. பூச்சு இல்லாத கண்ணாடியின் முன் பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். எதிரே இருப்பது பிரகாசமான வானம் என்பதால் அந்த 4 சதவீதமே உள்ளே இருக்கும் கண்ணை அமுக்கிவிடுகிறது. நீங்கள் நின்ற இடத்தில் வானம் மறைந்துவிட்டது, உங்கள் இருண்ட உடம்பிலிருந்து வெளிச்சம் வரவில்லை. அந்த ஓட்டை வழியாகக் கண் தெரிகிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது நம் தலை நிழல் விழும் இடத்தில் மட்டும் அடி தெரிவதுபோல.

நீங்கள் அங்கே இல்லையென்றால் கண் இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது. எவ்வளவு தெரிந்திருக்கும் என்பதற்குச் சான்று உங்கள் உருவத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. உருவத்துக்கு வெளியே இமையின் ஓரமோ புருவமோ தெரிகிறதா என்று பாருங்கள். அடர் கறுப்புக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது, அப்போது மேலே சொன்ன குளோன் முறை போதும், கண் போனால் போகட்டும்.

கீழ்ப் பாதி வெளுத்த கிரேடியன்ட் கண்ணாடி, இளம் பழுப்புக் கண்ணாடி என்றால் வெளியேயும் லேசாகத் தெரியும். அங்கே கண்ணை முழுதாக அழித்தால் முகத்தில் உயிர் இருக்காது. அதற்கு வேறு வழி: காலி லேயரின் மோடை Screen ஆக மாற்றுங்கள், உங்கள் உருவத்தின் வடிவத்தை மட்டும் செலக்ட் செய்து, பக்கத்து வானத்தின் நிறத்தை இருட்டாக்கி அதில் பூசுங்கள். Screen என்பது இருப்பதன் மேல் வெளிச்சத்தைக் கூட்டுவது, கண்ணாடியும் அதைத்தான் செய்கிறது. உருவத்தின் ஓரம் பக்கத்தோடு கலந்து மறையும் வரை நிறத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஓரம் மறையும்போது கண் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அதுவே சரியான அளவு.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் உருவம் சுற்றியுள்ளதைவிட இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் சட்டை தண்ணீரைவிட வெளுத்து நிற்கும், வெளிச்சத்தைக் கூட்டி அதை மறைக்க முடியாது, அந்தப் பகுதியைக் குளோன் செய்துதான் மூட வேண்டும். கூலிங் கிளாஸ் ஷூட் என்று தெரிந்தால் பிரிண்ட் இல்லாத கருஞ்சட்டை போட்டுப் போங்கள்.

"ஒரு கண்ணாடியை மட்டும் சரி பண்ணி, காப்பி எடுத்து, திருப்பிப் போட்டு இன்னொன்னுல வெச்சிடலாமா?"

கூடாது. இரண்டு கண்ணாடியும் ஒரே உலகத்தைப் பார்க்கின்றன. இடது கண்ணாடியில் சூரியன் இடப் பக்கம் என்றால் வலது கண்ணாடியிலும் இடப் பக்கம்தான். திருப்பிப் போட்டால் இரண்டு சூரியன்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும். ஃபிரேமின் வடிவம் இடம் வலமாக மாறுவதால் உள்ளே இருக்கும் காட்சியும் மாறும் என்று கை தானாக நினைத்துவிடுகிறது.

திருப்பாமல் ஒன்றிலிருந்து மற்றதுக்கு எடுக்கலாமா என்றால், அதிலும் பெரிய லாபம் இல்லை. இரண்டு கண்ணாடிக்கும் இடையே ஆறேழு செ.மீ.தான் தூரம். ஒன்றில் நீங்கள் மறைத்த இடத்தைத்தான் மற்றதிலும் மறைத்திருப்பீர்கள்.

"பின்னாடி வெறும் கடல் இல்ல, படகு நிறைய நின்னுச்சு. குளோன் பண்ணா ஒரே படகு ரெண்டு தடவ வருது."

குளோன் அங்கே உதவாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும், அந்த மாதங்களில் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். தீர்வு ஷூட்டிலேயே இருக்கிறது: போர்ட்ரெயிட் எடுத்து முடித்ததும், நின்ற இடத்திலேயே திரும்பி, உங்களுக்குப் பின்னால் இருந்ததை அதே உயரத்தில் வைட் லென்ஸில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் போதும்.

அந்தப் படத்தை முதலில் Flip Horizontal செய்ய வேண்டும். நீங்கள் திரும்பி நின்றதால் இடம் வலம் மாறிவிட்டது, கண்ணாடி காட்டுவது மாறாத வரிசை. படகில் எழுதிய பெயரும் பதிவு எண்ணும் கண்ணாடிக்குள் இடம் வலம் மாறித்தான் தெரிய வேண்டும். படிக்கும்படி நேராகத் தெரிந்தால் அது தவறு. பிறகு கண்ணாடியில் ஏற்கெனவே தெரியும் இரண்டு படகுகளை அடையாளமாக வைத்து அளவைச் சுருக்கி, Warp மூலம் லேசாக வளைத்துப் பொருத்துங்கள். Spherize போட்டால் அதன் மையம் கேமராவின் புள்ளியில் விழ வேண்டும், கண்ணாடியின் நடுவில் அல்ல. மோடு Screen, ஒபாசிட்டி பக்கத்துக்கு ஏற்ப. உங்கள் உருவத்தின் வடிவத்துக்குள் மட்டும் மாஸ்க் வைத்துக் காட்டுங்கள். மீதிக் கண்ணாடி முழுவதும் ஒரிஜினலாகவே இருக்கட்டும்.

"எல்லாம் செஞ்சும் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருக்கே?"

பெரும்பாலும் ஷார்ப்னஸ்தான் காரணம். குவிந்த கண்ணாடியில் தெரியும் பிம்பம் அதன் பரப்பில் இல்லை, அதற்குச் சுமார் 4 செ.மீ. பின்னால் இருக்கிறது. 85 எம்எம், f/1.8, 2 மீட்டர் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தம் 6 செ.மீ. அளவுதான், அதில் ஃபோகஸுக்குப் பின்னால் கிடைப்பது ஏறக்குறைய பாதி. ஃபோகஸ் ஃபிரேமில் இருந்தால் பிம்பம் லேசாக மெத்தென்று இருப்பதே இயல்பு. f/8-ல் எடுத்திருந்தால் இரண்டும் தெளிவாக இருக்கும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. 2 மீட்டரில் நிற்கும் நீங்களும் 200 மீட்டரில் நிற்கும் படகும் கண்ணாடிக்குள் ஏறத்தாழ ஒரே ஆழத்தில்தான் இருக்கிறீர்கள், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எனவே தூரத்துப் படகு என்று அதை பொக்கே போல் மங்கலாக்கக் கூடாது. அழிக்கும் முன் உங்கள் தோளின் ஓரம் எத்தனை பிக்சலில் மங்குகிறது என்று பாருங்கள். வைக்கிற படகும் அதே அளவு மங்கினால் போதும்.

அடுத்தது கிரெயின். பூசிய இடம் வழவழவென்று இருந்தால் Add Noise, Gaussian, Monochromatic வைத்து, 100 சதவீத ஜூமில் பக்கத்தோடு ஒப்பிட்டு மிகக் குறைவாகச் சேருங்கள்.

"போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்தா நான் தெரிய மாட்டேன்தானே?"

தெரிவீர்கள். கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் திரும்பும் வெளிச்சத்தைத்தான் போலரைசர் நன்றாக வெட்டும். உங்கள் உருவம் நேராகப் போய் நேராகத் திரும்பி வருகிறது, அந்த வெளிச்சத்தில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை போட்டிருப்பதே போலரைஸ்டு கண்ணாடி என்றால் இன்னும் மோசம். ஃபில்டரை ஒரு கோணத்தில் திருப்பும்போது உள்ளே இருக்கும் கண் முழுக் கறுப்பாகி, அதன் மேல் உங்கள் பிம்பம் எடுப்பாகத் தெரியும்.

"அப்போ எடுக்கும்போதே எப்படித் தவிர்க்கிறது?"

தூரம் போங்கள். 4 மீட்டரில் 135 அல்லது 200 எம்எம் வைத்து எடுத்தால் கண்ணாடிக்குள் நீங்கள் பாதியாகிவிடுவீர்கள், மறைத்த பரப்பு நாலில் ஒன்றாகும். இதுவே பாதி வேலையை மிச்சம் பிடிக்கும்.

டிரைபாட் இருந்தால், கேமராவை நிறுத்தி ஒரு படம் எடுத்த பிறகு, ரிமோட்டுடன் நன்றாக ஓரம் போய் இன்னொன்று எடுங்கள். மாப்பிள்ளை தலையை ஆட்டாமல் இருந்தால், இரண்டாவது படத்தில் மெல்லிய டிரைபாட் மட்டும் நிற்கும். அதிலிருந்து கண்ணாடியின் உள்பகுதியை முதல் படத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கூட வந்த அசிஸ்டன்ட், ரிஃப்ளெக்டர் பிடிக்கிற தம்பி, வேடிக்கை பார்க்க நிற்கிறவர்கள், எல்லோரையும் உங்களுக்கு நேர் பின்னால் வரச் சொல்லுங்கள், உங்கள் உருவத்துக்குள் மறைந்துவிடுவார்கள். கண்ணாடி பக்கவாட்டில் நிறையப் பார்க்கும், ஓரத்தில் நின்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழிக்க வேண்டி வரும்.

"மெர்க்குரி கண்ணாடிக்கும் இதே முறைதானா?"

வரிசை அதே. ஆனால் மெர்க்குரி பூச்சு பல மடங்கு வெளிச்சத்தைத் திருப்பும், கண் தெரியாது, ஆகவே Screen வேண்டாம், Normal மோடில் நிரப்புங்கள். பூச்சின் நிறம் எல்லாவற்றின் மேலும் ஏறியிருக்கும். நீலக் கண்ணாடி என்றால் வைக்கிற படகையும் நீலமாக்குங்கள். முகப்பு தட்டையாக இருக்கும் ஃபேஷன் கண்ணாடியில் நீங்கள் மிகப் பெரிதாகத் தெரிவீர்கள், சுற்றி எடுத்துப் பூச இடமே மிஞ்சாது. அதற்கு டிரைபாட் முறையைத் தவிர நல்ல வழி இல்லை.

"பத்திரிகைக்குக் கொடுக்கிற படத்துல இதைச் செய்யலாமா?"

கூடாது. செய்திப் படத்தில் இருந்ததை எடுப்பதும் இல்லாததை வைப்பதும் ஏற்கப்படுவதில்லை. கல்யாணம், பிறந்தநாள் பேனர், விளம்பரம், போர்ட்ஃபோலியோ போன்றவற்றுக்கு மட்டும்.

"பிரிண்டுக்கு அனுப்பும் முன்னாடி எதைப் பார்க்கணும்?"

மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு, கண்ணாடிப் பகுதியின் இருட்டைக் கண்டபடி தூக்கிவிடுங்கள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத சேர்ப்பு, குளோன் தடம், உருவத்தின் மிச்ச ஓரம் எல்லாம் அதில் வெளியே வரும். ஃப்ளெக்ஸ் கடையில் வெளிச்சத்தைக் கூட்டி அடிப்பது வழக்கம் என்பதால், நீங்கள் பார்க்காததை பேனர் காட்டிவிடும். சரி செய்த பிறகு அந்த லேயரை நீக்குங்கள்.

பிறகு படத்தில் வேறு எங்கே நீங்கள் இருக்கிறீர்கள் என்று தேடுங்கள். கைக்கடிகாரத்தின் கண்ணாடி, கழுத்துச் செயினின் டாலர், பின்னால் நிற்கும் புல்லட்டின் டேங்க், அதன் சைடு மிரர். கண்ணாடியில் ஆள் இல்லாமல் டேங்கில் மட்டும் ஆள் நின்றால் முதல் வேலை வீணாகிவிடும்.

கடைசியாக இரண்டு கண்ணாடியையும் சேர்த்து 25 சதவீத ஜூமில் பாருங்கள். அடிவானம் இரண்டிலும் தலையின் சாய்வுக்குப் பொருந்துகிறதா, சூரியன் ஒரே பக்கம் இருக்கிறதா, ஒன்று மற்றதைவிட வெளுத்துவிட்டதா என்று சரிபாருங்கள். மாப்பிள்ளை தலையை ஒரு பக்கம் திருப்பியிருந்தால் ஒரு கண்ணாடி வானத்தை அதிகமாகவும் மற்றது குறைவாகவும் காட்டலாம். ஒரிஜினலிலேயே அந்த வித்தியாசம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், சமப்படுத்த வேண்டாம்.